கூரியர் நிறுவனத்தின் உண்மையான எண்ணை எங்கே தேடுவது?

கேள்வி: வணக்கம் சார். ஏற்காடு பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் காபித் தோட்டம் இருக்கிறது. பழம் உரிக்கிற பல்பர் மெஷினுக்கு ஒரு உதிரி பாகத்தைக் கோயம்புத்தூர் கடையிலிருந்து கூரியரில் போட்டார்கள். நாள் கடந்தும் வரவில்லை. கூகுளில் கூரியர் பெயரோடு 'கஸ்டமர் கேர் நம்பர்' என்று போட்டு, மேலே வந்த நம்பருக்குப் பேசினேன். நல்ல தமிழில்தான் பேசினார். அட்ரஸ் அப்டேட் பண்ண 5 ரூபாய் கட்டணும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு ஆப் அனுப்பினார். இறக்கித் திறந்து, கேட்டதற்கெல்லாம் சரி என்று அழுத்தி, ஏடிஎம் கார்டு நம்பர், பின்னால் இருக்கும் மூன்று எண் எல்லாம் போட்டுவிட்டேன். அந்த நேரம் மகன் வந்து போனை வாங்கி அணைத்துவிட்டான். பணம் எதுவும் போகவில்லை. ஓடிபியும் நான் யாரிடமும் சொல்லவில்லை. இனி பயமில்லைதானே? ஒரு கம்பெனியின் நிஜமான நம்பரை எப்படித்தான் கண்டுபிடிப்பது?
வாசகி, ஏற்காடு

பதில்: பயம் இன்னும் விலகவில்லை, அம்மா. உங்கள் மகன் போனை அணைத்தது மிகச் சரியான காரியம். ஆனால் ஓடிபியை நீங்கள் சொல்லாததால் மட்டும் தப்பிவிட்டதாக எண்ண வேண்டாம். இந்த மாதிரி ஆப்களின் வேலையே ஓடிபியை உங்களிடம் கேட்காமல் எடுப்பதுதான். நிறுவும்போது நீங்கள் கொடுத்த அனுமதிகளில் குறுஞ்செய்தியைப் படிக்கும் அனுமதியும் ஒன்றாக இருந்திருக்கும். வங்கியிலிருந்து வரும் செய்தியை அந்த ஆப் தானே படித்து, அந்த ஆளுக்கு அனுப்பிவிடும். 5 ரூபாய்ப் பக்கம் வைத்தது 5 ரூபாய்க்காக அல்ல, கார்டு விவரத்துக்காக. கார்டு விவரமும் குறுஞ்செய்தியும் ஒரே கையில் சேர்ந்துவிட்டால் உங்கள் ஒத்துழைப்பு அவர்களுக்குத் தேவையே இல்லை. இரண்டு மூன்று நாள் அமைதியாக இருந்துவிட்டு, நள்ளிரவில் பணம் எடுப்பதும் உண்டு.

ஆகவே நம்பர் தேடும் விஷயத்துக்கு முன்னால் போனைப் பார்த்துவிடுவோம். போன் அணைந்திருக்கும்போதே சிம் கார்டை வெளியே எடுத்து, வீட்டிலுள்ள வேறொரு போனில் போடுங்கள். இனி வங்கிச் செய்திகள் அந்தப் போனுக்குத்தான் வரும். பழைய போனில் இருக்கும் ஆப்புக்குப் படிக்க ஒன்றும் கிடைக்காது. அந்த இரண்டாவது போனிலிருந்து, உங்கள் ஏடிஎம் கார்டின் பின்பக்கம் அச்சடித்திருக்கும் எண்ணை அழைத்துக் கார்டை முடக்கச் சொல்லுங்கள். யூபிஐ, நெட் பேங்கிங் இரண்டையும் தற்காலிகமாக நிறுத்தச் சொல்லுங்கள். புகார் எண்ணையும், சொன்ன தேதி, நேரத்தையும் எழுதி வையுங்கள். இது சம்பிரதாயத்துக்காகச் சொல்வதல்ல. ரிசர்வ் வங்கியின் 2017ஆம் ஆண்டுச் சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் பணம் போனால் வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு அவருடையது. தெரிவித்த பிறகு நடப்பது வங்கியின் பொறுப்பு. நீங்கள் தெரிவித்த நிமிடம்தான் அந்த எல்லைக்கோடு.

அதே போனில் `*#21#` டயல் செய்து பாருங்கள். உங்களுக்கு வரும் அழைப்பு வேறு எண்ணுக்குத் திருப்பப்பட்டிருந்தால் அந்த எண்ணைக் காட்டும். அப்படி இருந்தால் `##002#` டயல் செய்தால் எல்லாத் திருப்பலும் நீங்கும். வங்கி ஓடிபியைக் குரல் அழைப்பிலும் பெற முடியும் என்பதால் இதையும் பார்ப்பது அவசியம்.

பிறகு பழைய போனை, சிம் இல்லாமல், வைஃபையும் இல்லாத இடத்தில் இயக்குங்கள். Settings உள்ளே Apps பட்டியலுக்குப் போய் அந்த ஆப்பை நீக்குங்கள். முகப்பில் ஐகான் தெரியவில்லை என்று விட்டுவிடாதீர்கள்; இவை பெரும்பாலும் ஐகானை மறைத்துக்கொள்ளும். ஆனால் Apps பட்டியலில் பெயர் இருக்கும். Uninstall பட்டன் மங்கலாக இருந்து அழுத்த முடியாவிட்டால், அந்த ஆப் நிர்வாகி அதிகாரம் வாங்கியிருக்கிறது என்று பொருள். Settings தேடல் கட்டத்தில் Device admin apps என்று தட்டி, அங்கே அதன் அதிகாரத்தை எடுத்துவிட்டுப் பிறகு நீக்குங்கள். அப்படியே Accessibility பகுதியையும் பாருங்கள். அங்கே இந்த ஆப்புக்கு அனுமதி இருந்தால், அது உங்கள் திரையைப் படித்திருக்கலாம், உங்களுக்குப் பதிலாகத் தானே அழுத்தியும் இருக்கலாம். அந்த நிலையில் ஆப்பை நீக்குவதோடு நிறுத்தாமல், படங்களையும் தொடர்பு எண்களையும் மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு போனை முழுமையாக ரீசெட் செய்யச் சொல்வேன். யூபிஐ பின்னையும் வங்கி பாஸ்வேர்டையும் இதெல்லாம் முடிந்த பிறகு மாற்றுங்கள். ஆப் இருக்கும்போதே மாற்றினால் புதியதையும் அது பார்த்துக்கொள்ளும்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. கூகுளில் முதலில் வந்த எண் எப்படிப் பொய்யாக இருக்கும் என்பது பலருக்கும் புரிவதில்லை. நீங்கள் தட்டிய சொற்கள் எந்தப் பக்கத்தில் நன்றாகப் பொருந்துகின்றன என்பதைத்தான் தேடுபொறி காட்டுகிறது. அந்த எண் யாருடைய பெயரில் இருக்கிறது என்று அது சரிபார்ப்பதில்லை. 'கஸ்டமர் கேர் நம்பர்' என்று மக்கள் தட்டுவார்கள் என்பது மோசடிக்காரருக்கும் தெரியும். அதே சொற்களைத் தலைப்பில் வைத்து, நடுவில் தன் எண்ணைப் போட்டு, யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய தளங்களில் பக்கம் பக்கமாக ஏற்றிவிடுவார். கேள்வி பதில் தளம், இலவச வலைப்பக்கம், ஃபேஸ்புக் பக்கம், பிடிஎஃப் கோப்பு, சமூக ஊடகத்தில் நிறுவனத்தின் பதிவுக்குக் கீழே வரும் பின்னூட்டம் என்று எல்லாமே அவருக்கு இடம்தான். உண்மையான நிறுவனமோ தன் பக்கத்துக்கு 'தொடர்புக்கு' என்று ஒற்றைச் சொல்லில் தலைப்பு வைத்திருக்கும், எண்ணையும் இரண்டு மூன்று கிளிக் தள்ளி வைத்திருக்கும். அதனால் தேடலில் பொய் முந்திக்கொள்கிறது. தேடல் பக்கத்தின் உச்சியில் சில வரிகளில் வரும் சுருக்கமும் இந்தப் பக்கங்களிலிருந்தே எடுக்கப்படலாம் என்பதால், அதில் இருக்கும் எண்ணையும் அப்படியே டயல் செய்யக் கூடாது.

இதற்கும் மேலே Sponsored என்ற சிறிய எழுத்தோடு வருபவை விளம்பரங்கள், காசு கொடுத்து வாங்கிய இடம். அதில் நேரடியாக அழைக்கும் பட்டனும் இருக்கலாம். அடுத்து வரைபடம். கூகுள் வரைபடத்தில் ஒரு கூரியர் கிளையோ வங்கிக் கிளையோ இருந்தால், அதன் தொலைபேசி எண்ணை மாற்றச் சொல்லிப் பொதுமக்கள் யாரும் பரிந்துரைக்கலாம். கடை திறக்கும் நேரத்தைத் திருத்துவதற்காக வைத்த வசதி அது. கிளை நிஜம், இடம் நிஜம், வாசல் படமும் நிஜம், எண் மட்டும் வேறொருவருடையது என்று ஆகிவிடும். சேலம் ஐந்து ரோட்டில் நீங்கள் கண்ணால் பார்த்த கிளைதான் வரைபடத்திலும் இருக்கிறது என்பதால், அங்கே போட்டிருக்கும் எண்ணும் அந்தக் கிளையுடையது என்று ஆகாது.

அண்மையில் வெளிவந்த இன்னொரு தந்திரம் கவனமாக இருப்பவரையும் ஏமாற்றிவிடும். விளம்பரத்தை அழுத்தினால் நிறுவனத்தின் அசல் தளமே திறக்கும். முகவரிப் பட்டையில் சரியான பெயர் இருக்கும், பூட்டுக் குறியும் இருக்கும். ஆனால் பக்கத்தில் தெரிவது மோசடிக்காரரின் எண். 2025இல் பல பெரிய நிறுவனங்களின் உதவிப் பக்கங்களில் இது நடந்ததைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினார்கள். எப்படி என்றால், பெரும்பாலான தளங்களில் ஒரு தேடல் கட்டம் இருக்கும். அதில் நாம் என்ன தட்டுகிறோமோ அது முகவரியிலும் சேரும், பக்கத்திலும் தெரியும். மோசடிக்காரர் தன் எண்ணையே தேடல் சொல்லாக வைத்து இணைப்பைத் தயாரிக்கிறார்:

```
https://www.example.com/help/search?q=Call+Now+98XXXXXXXX
```

இதைத் திறந்தால் அந்தத் தளம் 'Call Now 98XXXXXXXX' என்ற தேடலுக்கு முடிவு இல்லை என்று சொல்லும். அவசரத்தில் பார்ப்பவர் கண்ணுக்கு எண் மட்டும்தான் படும். அடுத்தவர் வீட்டுச் சுவரில் இரவோடு இரவாக ஒட்டிய நோட்டீஸ் போல, சுவர் வீட்டுக்காரருடையது, நோட்டீஸ் வேறொருவருடையது. கண்டுபிடிப்பது எளிது. எண் தேடல் கட்டத்துக்குள்ளோ அதன் கீழே மேற்கோள் குறிக்குள்ளோ இருக்கிறதா என்று பாருங்கள். முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால் அதே எண் இருந்தால் சந்தேகமே வேண்டாம். முகவரியில் `.com` அல்லது `.in` வரை விட்டுவிட்டு மீதியை அழித்து மறுபடி திறங்கள். உண்மையில் நிறுவனம் போட்ட எண் என்றால் அங்கிருந்து தொடர்புப் பக்கத்துக்குப் போனாலும் கிடைக்கும். ஒட்டிய எண் காணாமல் போய்விடும்.

இதனால்தான் நம்பரைத் தேடாதீர்கள், நிறுவனத்தின் கையிலிருந்து வந்த பொருளைத் தேடுங்கள் என்கிறேன். உங்கள் பார்சலையே எடுத்துக்கொள்வோம். கூரியர் நிறுவனத்துக்குப் பணம் கட்டியது கோயம்புத்தூர் கடைக்காரர். அவர் கையில் புக்கிங் ரசீது இருக்கும். நீங்கள் முதலில் பேச வேண்டியது அவரிடம்தான், உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் அவருடைய எண்ணில். ரசீதைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதில் மூன்று விஷயங்கள் வேண்டும்: நிறுவனத்தின் முழுப் பெயர், பார்சலுக்குக் கொடுத்த டாக்கெட் எண், அடியிலோ பின்பக்கத்திலோ அச்சிட்டிருக்கும் இணையதள முகவரி. முழுப் பெயர் ஏன் என்றால், ஒரே மாதிரிப் பெயருள்ள கூரியர்கள் பல உண்டு. 'நம்ம ஊர்ல அந்தக் கூரியர்' என்று வாயால் சொன்னதை வைத்துத் தேடினால் ஆரம்பமே தப்பாகலாம்.

அந்த இணையதள முகவரியைத் தேடல் கட்டத்தில் போடாமல், பிரவுசரின் மேல் பட்டையில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுங்கள். முகவரியைப் படிக்க ஒரு முறை உண்டு. `https://` தாண்டியபின் வரும் முதல் சாய்கோட்டைக் கண்டுபிடித்து, அங்கிருந்து இடதுபக்கமாகப் படியுங்கள். சாய்கோட்டை ஒட்டியிருக்கும் பெயர்தான் உரிமையாளர். `track.example.com/` என்றால் அது example நிறுவனத்துடையது. `example.com.help-example.in/` என்றால் அது help-example என்ற பெயரை வாங்கி வைத்திருக்கும் யாரோ ஒருவருடையது. முன்னால் இருக்கும் நிறுவனப் பெயர் வெறும் அலங்காரம். வங்கிகளுக்கு இதில் இன்னொரு வசதி வந்திருக்கிறது. ரிசர்வ் வங்கியின் உத்தரவுப்படி இந்திய வங்கிகள் 2025 அக்டோபர் 31க்குள் `.bank.in` என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்றானது. அப்படி முடியும் முகவரி வங்கிகளுக்கு மட்டுமே தரப்படுகிறது. அரசுத் துறைகளுக்கு `.gov.in`. கூரியருக்கு அப்படித் தனி முத்திரை இல்லாததால் ரசீதுதான் ஆதாரம்.

தளத்தில் முதலில் டாக்கெட் எண்ணைப் போட்டுப் பாருங்கள். பலருக்கு அதிலேயே விடை கிடைத்துவிடும்: சேலம் கிளைக்கு வந்து நிற்கிறது, முகவரி முழுமையில்லை, வீட்டில் ஆள் இல்லை என்று ஏதாவது ஒரு காரணம் எழுதியிருக்கும். தோட்ட வீடுகளுக்குத் தெருப் பெயரும் கதவு எண்ணும் இல்லாததால் சேலத்திலேயே தங்கிவிடும் பார்சல்கள் உண்டு. அங்கிருந்தும் பேசத்தான் வேண்டும் என்றால் பக்கத்தின் அடிவரை இறங்கி, தொடர்பு, குறைதீர்ப்பு என்ற இணைப்புகளில் எண்ணை எடுங்கள். இணையத்தில் பொருள் விற்கும் தளங்களானால், 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி வாடிக்கையாளர் சேவை விவரத்தையும் குறைதீர்ப்பு அதிகாரியின் பெயர், தொடர்பு எண்ணையும் தளத்தில் காட்டியே ஆக வேண்டும். புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். மிக்ஸி, ஃபேன், பம்ப் செட் போன்றவற்றுக்கு அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போடுவதற்கு முன் அதைப் படம் எடுத்து வையுங்கள். பொட்டலப் பொருள் விதிகளின்படி புகார் சொல்ல வேண்டிய எண்ணும் மின்னஞ்சலும் அதில் அச்சாகியிருக்க வேண்டும்.

ஒருவேளை ஏதோ ஒரு வழியில் ஓர் எண் கையில் வந்து, அது மெய்யா என்று தெரியவில்லை என்றால் இரண்டு சோதனைகள் இருக்கின்றன. முதலாவது, அந்த எண்ணை மட்டும் மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். அதே எண் ஒரு பக்கத்தில் கூரியருக்கும், இன்னொன்றில் கடன் ஆப்புக்கும், மற்றொன்றில் விமான டிக்கெட்டுக்கும் கஸ்டமர் கேராக இருந்தால் கதை முடிந்தது. எதுவும் வரவில்லை என்றால் மட்டும் நல்ல எண் என்று முடிவு கட்டாதீர்கள். புதிதாக வாங்கிய சிம்மாகவும் இருக்கலாம்.

இரண்டாவது சோதனை பேசும்போது. டாக்கெட் எண்ணில் ஓர் இலக்கத்தை வேண்டுமென்றே மாற்றிச் சொல்லுங்கள். நிஜமான ஊழியர் கணினியில் போட்டுப் பார்த்து, அப்படி ஒரு எண் இல்லை என்பார், அல்லது உங்களுடையதல்லாத ஏதோ ஒரு பார்சலைப் பற்றிச் சொல்வார். பொய்க்காரர், "ஆமா மேடம், உங்க பார்சல் இங்கதான் இருக்கு" என்று தொடங்கிவிடுவார். அவருக்குப் பார்சல் எங்கே என்பது முக்கியமல்ல. இன்னும் கவனியுங்கள்: அனுப்புபவர் கட்டணம் கட்டிப் புக் செய்த பார்சலுக்கு முகவரி திருத்த 5 ரூபாயும் 2 ரூபாயும் கேட்டு, அதற்கென்று வாட்ஸ்அப்பில் ஆப் அனுப்புவது எந்த ஒழுங்கான நிறுவனத்தின் நடைமுறையிலும் கிடையாது. AnyDesk, TeamViewer மாதிரி திரையைப் பகிரும் ஆப்பை இறக்கச் சொன்னாலும் அதே கணம் வைத்துவிடுங்கள். சிலர் ஆப்பே அனுப்பாமல், "ரீஃபண்ட் கோட் 48750, அதை யூபிஐயில் தொகை இருக்கும் இடத்தில் போடுங்க" என்பார்கள். அது கோட் அல்ல, 48,750 ரூபாய். பணம் வாங்குவதற்கு யூபிஐ பின் ஒருபோதும் தேவையில்லை.

பத்து இலக்க மொபைல் எண் என்றால் பொய், 1800 என்றால் மெய் என்று ஒரு சூத்திரம் வலம் வருகிறது. அதை நம்பாதீர்கள். நம் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண்ணே 94987 94987, பார்க்க மொபைல் எண் மாதிரிதான் இருக்கும். மறுபக்கம், 1800 எண்ணைக் காசு கொடுத்து யாரும் வாங்கலாம். ட்ரூகாலரில் தெரியும் பெயரும் மற்றவர்கள் சேமித்து வைத்த பெயர். மோசடிக்காரர் தன் எண்ணை 'கஸ்டமர் சப்போர்ட்' என்றே பலரைச் சேமிக்கச் செய்ய முடியும். எண்ணின் உருவம் எதையும் நிரூபிக்காது, அது எங்கிருந்து உங்கள் கைக்கு வந்தது என்பதுதான் கணக்கு.

சில நிறுவனங்களுக்குத் தொலைபேசி சேவையே கிடையாது. வாட்ஸ்அப், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் கணக்கு முடங்கிப்போனால் பேசுவதற்கு எண் இல்லை. ஆப்புக்குள்ளே இருக்கும் உதவிப் பகுதிதான் ஒரே வழி. இல்லாத எண்ணைத் தேடும்போது கிடைப்பதெல்லாம் பொய் எண்ணாகவே இருக்கும். ஆகவே நிறுவனத் தளத்தில் எண் இல்லை என்றால், வேறெங்கோ ஒளித்து வைத்திருப்பார்கள் என்று தேடிப் போகாதீர்கள்.

நீங்கள் அழைத்த அந்த எண்ணை `sancharsaathi.gov.in` தளத்தின் சக்‌ஷு பகுதியில் புகார் செய்யுங்கள்; பணம் போகாத முயற்சிகளுக்கு அதுதான் இடம். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காமல் படமெடுத்து வையுங்கள். கணக்கிலிருந்து ஒரு ரூபாய் குறைந்தாலும் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் பேசுங்கள், அல்லது `cybercrime.gov.in` தளத்தில் பதியுங்கள். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டிருக்கும்போதே முடக்குவதற்காகத்தான் அந்த எண் இருக்கிறது என்பதால், மலை இறங்கிக் காவல் நிலையம் போய்ச் சேரும் வரை தாமதிக்க வேண்டாம், பேசிவிட்டுப் போங்கள்.

பல்பர் பாகத்துக்கு, கோயம்புத்தூர் கடைக்காரரையே புக்கிங் கிளையில் புகார் பதியச் சொல்லுங்கள். அனுப்பியவர் கேட்டால் அவர்கள் தட்டிக்கழிக்க முடியாது. முகவரியோடு ஏற்காடு பின்கோடு 636601 அல்லது உங்கள் ஊரின் பின்கோடு சரியாக இருக்கிறதா என்று ரசீதில் பாருங்கள். பார்சல் சேலம் கிளையில் இருப்பதாகத் தளம் காட்டினால், டாக்கெட் எண்ணும் அடையாள அட்டையும் எடுத்துக்கொண்டு மகன் நேரில் போய் வாங்கிவரலாம். நிறுவனம் பதிலே சொல்லாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுங்கள்.